எழுபது வந்துவிட்டது, அதை எத்தனையால் பெருக்குவது?

"சார், நான் பட்டர்வொர்த்தில் படிவம் ஆறு படிக்கிறேன். செய்முறை வகுப்பில் 'அமிலம் எக்ஸ்' என்று ஒரு வெள்ளைப் படிகத்தைக் கொடுத்தார்கள். 1.75 கிராம் எடுத்து 250 மி.லி. கரைசலாக்கி, அதில் 25 மி.லி.யை 0.1000 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடோடு தரம்பார்த்தேன். பினாப்தலீன் போட்டுச் சராசரி 24.95 மி.லி. வந்தது. கணக்குப் போட்டால் 70 வருகிறது. கார்பாக்சிலிக் அமிலம் என்று மட்டும் சொன்னார்கள், எத்தனை COOH என்று சொல்லவில்லை. pH வரைபடத்தில் ஒரே ஓர் ஏற்றம்தான் இருக்கிறது, அதனால் ஒரு தொகுதிதான், மோலார் நிறை 70 என்கிறாள் என் தோழி. எனக்கு மூன்று இருக்கும் போலத் தோன்றுகிறது, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அறிக்கையில் எதை எழுதுவது?"

உங்களுக்கு வந்த 70 நல்ல எண். அதைத் தொட வேண்டாம். அதற்கு வைத்த பெயர்தான் தவறு. அது மோலார் நிறை இல்லை, சமான நிறை.

கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்ததும் எச்சில் இலைகளை எண்ணினால் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று தெரியும். எத்தனை குடும்பம் வந்தது என்று தெரியாது. ப்யூரெட்டிலிருந்து இறங்கும் காரமும் அப்படித்தான். கூம்புக் குடுவையில் இருக்கும் அமில ஹைட்ரஜன்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகும். அவை ஒரு மூலக்கூறுக்கு ஒன்றாக ஒட்டியிருந்தனவா, மூன்றாக ஒட்டியிருந்தனவா என்பது காரத்துக்குத் தெரியாது.

உங்கள் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவோம். 24.95 மி.லி. காரத்தில் 0.002495 மோல் NaOH இருக்கிறது. அதே அளவு அமில ஹைட்ரஜன் 25 மி.லி. கரைசலில் இருந்திருக்கிறது. அந்த 25 மி.லி.யில் நீங்கள் நிறுத்த 1.75 கிராமில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.175 கிராம் அமிலம். 0.175-ஐ 0.002495-ஆல் வகுத்தால் 70.14. 'ஒரு மோல் அமில ஹைட்ரஜனைச் சுமந்து வரும் அமிலத்தின் எடை 70.14 கிராம்' என்பதே இதன் பொருள். ஒரு மூலக்கூறில் n தொகுதி இருந்தால் மோலார் நிறை 70.14 × n. ஒன்று என்றால் 70, இரண்டு என்றால் 140, மூன்று என்றால் 210. இந்த மூன்றில் எது என்று இந்தத் தரம்பார்த்தல் ஒருநாளும் சொல்லாது. பத்து முறை திரும்பச் செய்தாலும், ப்யூரெட்டை இன்னும் நுணுக்கமாக வாசித்தாலும், 70.14 இன்னும் துல்லியமாகுமே தவிர n தெரியாது.

இனி உங்கள் தோழியின் வாதம். அது சும்மா தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை, பாதி சரி. pH வரைபடத்தில் இரண்டு ஏற்றம் தெரிந்தால் குறைந்தது இரண்டு தொகுதி உண்டு என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் ஒரே ஏற்றம் தெரிந்தால் ஒரே தொகுதிதான் என்று திருப்பிச் சொல்ல முடியாது. அங்கேதான் அவர் வழுக்கிவிட்டார்.

ஏற்றம் எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் இது விளங்கும். ஒரு தொகுதியின் pKa என்பது, அந்தத் தொகுதியின் ஹைட்ரஜன்களில் பாதி போய்விட்டிருக்கும் pH. மலீக் அமிலத்தில் இரண்டு COOH உண்டு, pKa ஏறக்குறைய 1.9, 6.1. நடுவில் நான்குக்கு மேற்பட்ட இடைவெளி. முதல் ஹைட்ரஜன்கள் எல்லாம் போய் முடிந்த பிறகுதான் இரண்டாவது வரிசை அசையத் தொடங்கும். நடுப்புள்ளியில், pH 4 அருகே, நூறு மூலக்கூறில் 98 ஒரே ஒரு ஹைட்ரஜனை மட்டும் இழந்த நிலையில் நிற்கும். அங்கே இன்னொரு சொட்டுக் காரம் விழுந்தால் அதை உடனே வாங்கிக்கொள்ளத் தயாராக ஆள் குறைவு. அதனால் pH துள்ளுகிறது. அந்தத் துள்ளல்தான் வரைபடத்தில் முதல் ஏற்றம்.

இப்போது சிட்ரிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சையில் இருப்பது, கேக் சாமான் கடையில் பொட்டலமாக விற்பது. மூன்று COOH. pKa 3.13, 4.76, 6.40. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒன்றரை சொச்சம்தான் இடைவெளி. முதல் தொகுதிக்குச் சேர வேண்டிய காரம் முழுவதும் ஊற்றி முடித்த நேரத்தில் நூறு மூலக்கூறில் 76 போலத்தான் ஒன்றை இழந்து நிற்கும். 12 இன்னும் ஒன்றையும் இழக்கவில்லை, 12 அதற்குள் இரண்டை இழந்துவிட்டது. எல்லாம் கலந்து கிடப்பதால் அடுத்த சொட்டையும் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்கிறது. துள்ளல் இல்லை. கோடு ஒரு சரிவாக மெதுவாக ஏறிக்கொண்டே போய், மூன்றும் தீர்ந்த பிறகு ஒரே ஒரு முறை செங்குத்தாக எழும்பும். இரண்டு pKa-வுக்கு நடுவே நான்கு இருந்தால் ஏற்றம் நன்றாகத் தெரியும், மூன்று என்றால் ஒரு தோள்பட்டை போலத் தெரியும், இரண்டுக்குக் கீழே போனால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. மலீக்கின் உடன்பிறப்பான ஃபியூமரிக் அமிலத்துக்கும் அதே இரண்டு COOH, அதே மோலார் நிறை 116. ஆனால் pKa 3.0, 4.4. அது ஒரே ஏற்றம்தான் காட்டும். தோழியிடம் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினால் சண்டை முடிந்துவிடும்.

அந்த ஒற்றை ஏற்ற வரைபடத்தையும் வீசிவிட வேண்டாம். அதற்குள் இன்னொரு தடயம் இருக்கிறது. ஏற்றத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஏற்றத்துக்கு முந்திய சரிவைப் பாருங்கள். ஒரே தொகுதி உள்ள மென்அமிலம் என்றால், மொத்தக் காரத்தில் கால் பங்கு ஊற்றியபோது இருந்த pH-க்கும் முக்கால் பங்கு ஊற்றியபோது இருந்த pH-க்கும் வித்தியாசம் எப்போதும் ஏறக்குறைய 0.95. கால் பங்கில் உப்புக்கும் அமிலத்துக்கும் விகிதம் 1:3, முக்கால் பங்கில் 3:1. log 3 என்பது 0.477, அதன் இருமடங்கு 0.95. அசெட்டிக்கோ பென்சாயிக்கோ, எதுவானாலும் இதே எண்தான். உங்கள் வரைபடத்தில் 6.24 மி.லி.யிலும் 18.71 மி.லி.யிலும் pH என்ன என்று வாசித்துக் கழித்துப் பாருங்கள். சிட்ரிக் அமிலமாக இருந்தால், மேலே சொன்ன pKa-க்களை வைத்துக் கணக்கிட்டால் முதல் இடத்தில் 3.5-ம் இரண்டாவது இடத்தில் 6.0-ம் வரும். மீட்டரில் இரண்டாவது எண் கொஞ்சம் இறங்கித்தான் நிற்கும், ஏனென்றால் கரைசலில் அயனிகள் கூடக்கூடக் கடைசி pKa கீழே வரும். இருந்தாலும் வித்தியாசம் இரண்டுக்கு மேல் இருக்கும். 0.95 எங்கே, 2 எங்கே? ஒரு தொகுதி என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடும். ஆனால் இரண்டா மூன்றா என்று இதை வைத்து அடித்துச் சொல்லாதீர்கள். pKa-க்கள் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதைப் பொறுத்து இரண்டு தொகுதி அமிலமும் இதே மாதிரி நீண்ட சரிவைக் காட்டலாம்.

சரி, n-ஐ எப்படித்தான் பிடிப்பது? பல பேர் கோட்டைவிடும் இடம் இது. n ஒரு முழு எண். அரை COOH என்று ஒன்று கிடையாது. ஆகவே மோலார் நிறை வேறு ஏதாவது ஒரு வழியில், எவ்வளவு கரடுமுரடாகக் கிடைத்தாலும் போதும். 70, 140, 210 ஆகியவற்றுள் எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் n வந்துவிடும். துல்லியத்தைத் தரம்பார்த்தல் கொடுத்துவிடும். கரடான அளவு ஒன்று, நுணுக்கமான அளவு ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் விடை.

பள்ளியிலேயே செய்யக்கூடிய கரடான வழி உறைநிலைத் தாழ்வு. பல்கலைக்கழகத்தில் நிறைநிறமாலைக் கருவி இருக்கும், அது ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும். நமக்கு ஐஸும் உப்பும் 0.1 டிகிரி கோடு போட்ட ஒரு வெப்பமானியும் போதும். ஐஸை உடைத்து உப்பைக் கலந்த முகவையில் ஒரு கொதிகுழாயை நிறுத்தி, முதலில் வெறும் காய்ச்சி வடித்த நீரை உறைய வைத்து, வெப்பமானி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பூச்சியத்தில்தான் நிற்கும் என்று நம்பிவிட வேண்டாம், அந்த வெப்பமானிக்கு எது பூச்சியமோ அதுவே உங்களுக்குப் பூச்சியம். பிறகு 100 கிராம் நீரில் 10 கிராம் அமிலம் என்ற விகிதத்தில் கரைத்த கரைசலை அதே குழாயில் வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கிவிட்டு, முதல் பனித்துகள் தோன்றியதும் சட்டென்று மேலே வந்து கொஞ்ச நேரம் நிற்கும். அந்த நிற்கும் இடம்தான் வேண்டும். இறங்கிய ஆழத்தை எழுதிவிட்டால் வித்தியாசம் பெரிதாகி, மோலார் நிறை சின்னதாகி, n தப்பிவிடும்.

நீருக்கு மாறிலி 1.86, அதாவது ஒரு கிலோ நீரில் ஒரு மோல் கரைந்தால் உறைநிலை 1.86 டிகிரி இறங்கும். மோலார் நிறை 70 ஆக இருந்தால் இந்தக் கரைசல் 2.65 டிகிரி கீழே உறையும். 140 என்றால் 1.33, 210 என்றால் 0.89. உங்களுக்கு 0.9 கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். 1.86 × 10 / (0.9 × 0.1) = 207. அதை 70.14-ஆல் வகுத்தால் 2.95. வெப்பமானியை நீங்கள் 0.1 டிகிரி தவறாக வாசித்திருந்தாலும் என்ன ஆகும்? 0.8 என்றால் 3.3 வரும், 1.0 என்றால் 2.65 வரும். எப்படிப் பார்த்தாலும் பக்கத்து முழு எண் மூன்றுதான். பத்து சதவீதத்துக்கு மேல் தப்பான ஓர் அளவீடு சரியான விடையைக் கொடுக்கிறது பாருங்கள். அமிலம் நீரில் கொஞ்சம் அயனியாகிப் பிரியும், அதனால் துகள் எண்ணிக்கை நாலைந்து சதவீதம் கூடும் என்று யாராவது குறுக்கே கேட்டால், ஆமாம், கூடும், அதுவும் இந்த முழு எண்ணை அசைக்காது என்று சொல்லுங்கள்.

ஆக n மூன்று, மோலார் நிறை 3 × 70.14, அதாவது 210.4. உங்கள் உள்ளுணர்வு சரிதான். ஆனால் இங்கே நிறுத்திவிட்டால் அடுத்த பள்ளத்தில் விழுவீர்கள். 210 மோலார் நிறையுள்ள மூன்று COOH அமிலம் எது?

ஒரு COOH-க்கு 45. மூன்றுக்கு 135. 210-இலிருந்து கழித்தால் 75 மிச்சம். அந்த 75-ஐ நிரப்பும் அணுக்கூட்டம் எது என்று தேட வேண்டும். இதே கணக்கை n ஒன்றுக்கும் இரண்டுக்கும் போட்டுப் பார்ப்பதும் நல்லது, ஏனென்றால் அதுவும் ஒரு சோதனை. ஒன்று என்றால் மிச்சம் 25, அது C2H. அப்படி ஓர் அமிலம் உண்மையாகவே உண்டு, பெயர் புரோப்பியோலிக் அமிலம், ஆனால் அது நம் ஊர் வெப்பத்தில் திரவம். உங்கள் கையில் இருப்பதோ படிகம். இரண்டு என்றால் மிச்சம் 50. C4H2 என்று எழுதலாம், எழுதிவிட்டுச் சிரிக்கலாம், பள்ளி அலமாரியில் அப்படி எதுவும் கிடையாது. மெலோனிக் அமிலத்தோடு இரண்டு நீர் சேர்த்தால் 140 வரும்தான், ஆனால் மெலோனிக் புட்டியில் நீரில்லாமல்தான் வரும்.

மூன்றுக்கு வந்த 75-க்கு இரண்டு பேர் பொருந்துகிறார்கள். C6H3 என்பது 75. மூன்று ஹைட்ரஜனுக்குப் பதிலாக மூன்று COOH ஒட்டிய பென்சீன் வளையம், டிரைமெசிக் அமிலம், C9H6O6. அதன் மோலார் நிறை 210.14. இன்னொருவர் நம் சிட்ரிக் அமிலம். நீரற்ற சிட்ரிக் அமிலம் C6H8O7, மோலார் நிறை 192.12. கடைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் அது ஒரு படிக நீரோடும் வரும், அதற்கு மோனோஹைட்ரேட் என்று பெயர். 192.12-ஓடு 18.02 சேர்த்தால் 210.14. இரண்டு தசமம் வரை ஒரே எண்! யாரோ வேண்டுமென்றே கேள்வித்தாள் தயாரித்ததுபோல இருக்கிறது. ஆனால் இது வெறும் தற்செயல். ப்யூரெட்டை வைத்து இந்த இருவரையும் பிரிக்க முடியாது. எத்தனை தசமம் வாசித்தாலும் முடியாது.

பல மாணவர்கள் இந்தக் கட்டத்தில், "சார், சிட்ரிக் 192 என்று புத்தகத்தில் இருக்கிறது, எனக்கு 210 வந்தது, ஒன்பது சதவீதப் பிழை" என்று எழுதிவிட்டு, பிழைக்குக் காரணம் 'இடமாறு தோற்றம், முடிவுப்புள்ளியைத் தாண்டிவிட்டேன்' என்று பழக்கமான பல்லவியைப் பாடுவார்கள். முடிவுப்புள்ளியைத் தாண்டினால் காரம் அதிகமாகி, மோலார் நிறை குறையும், கூடாது என்பதைக்கூட யோசிக்க மாட்டார்கள். ஒன்பது சதவீதம் என்பது 25 மி.லி.யில் இரண்டே கால் மி.லி. சொட்டுக் கணக்கில் நாற்பதுக்கு மேல். கையில் நிதானம் இல்லாதவர்கூட அவ்வளவு தவற மாட்டார். பிழை என்று நினைத்த அந்த 18 படிகத்துக்குள் ஒளிந்திருந்த நீர்.

இதே இடத்தில் இன்னொரு சந்தேகமும் வரும். சிட்ரிக் அமிலத்தில் மூன்று COOH-ஓடு ஓர் OH-உம் இருக்கிறதே, அது ஏன் கணக்கில் வரவில்லை? அந்த OH நீரில் இருக்கும் காரத்துக்கு அசைந்து கொடுக்காது. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலத்தில் இரண்டு OH உண்டு, அவையும் அப்படியே. ஹைட்ரஜனை எல்லாம் எண்ணாமல் அமிலத்தன்மை உள்ளதை மட்டும் எண்ண வேண்டும்.

இருவரையும் பிரிக்கும் சோதனைக்கு முன்னால் காரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். உங்கள் '0.1000 மோலார்' எங்கிருந்து வந்தது? புட்டியில் எழுதியிருந்ததா, நீங்களே தரப்படுத்தினீர்களா?

பல வருடங்களுக்கு முன் தீவுப் பக்கம் ஒரு பள்ளியில் செய்முறை வகுப்புக்கு உதவப் போயிருந்தேன். சிட்ரிக் மோனோஹைட்ரேட்தான் கொடுத்தோம். ஒருவர் விடாமல் 67 என்று கொண்டுவந்தார்கள். இருபது பேரும் ஒரே எண். மனதுக்குள் எனக்குப் பெருமைகூட வந்தது, பிள்ளைகள் என்ன நேர்த்தியாகச் செய்திருக்கிறார்கள் என்று. ஒரு பையன் மட்டும் அட்டவணையைப் புரட்டி, "சார், மாலிக் அமிலம். 134, இரண்டு தொகுதி, சமான நிறை 67.04" என்றான். மிகச் சரியாகப் பொருந்தியது. அவனும் தப்பில்லை, எண்ணும் தப்பில்லை. தப்பு புட்டியில் இருந்தது. சில வாரங்களுக்கு முன் கரைத்த சோடியம் ஹைட்ராக்சைடு, மூடி சரியாக மூடாமல் மேசையோரத்தில் நின்றிருக்கிறது. நம் ஊர்க் காற்றைச் சொல்லவா வேண்டும்? அந்த வெள்ளை வில்லைகளைத் தராசில் வைத்து எண் நிற்பதற்குள் ஈரம் கோத்து மினுமினுக்கும், எடுக்கும்போதே எடையில் நீர் சேர்ந்திருக்கும். கரைசலாக்கிய பிறகும் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை வாங்கி ஒரு பகுதி கார்பனேட்டாக மாறும். பினாப்தலீன் அந்தக் கார்பனேட்டில் பாதியைத்தான் காரமாகக் கணக்கில் எடுக்கும், மறுபாதியைக் கண்டுகொள்ளாது.

பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை வைத்துச் சோதித்துப் பார்த்தோம். அதன் மோலார் நிறை 204.22, ஒரே ஓர் அமில ஹைட்ரஜன், ஈரம் வாங்காது, நிறுத்த எடையை நம்பலாம். 0.510 கிராமுக்கு 24.97 மி.லி. வர வேண்டியது, 26.12 வந்தது. அதாவது 0.1000 என்று எழுதியிருந்த காரம் உண்மையில் 0.0956. அதை வைத்துத் திருப்பிக் கணக்கிட்டதும் 67 என்பது 70 ஆகிவிட்டது, மாலிக் அமிலம் மறைந்துவிட்டது. இருபது பேருக்கும் ஒரே எண் வந்தது நேர்த்தியால் மட்டும் இல்லை, எல்லோரும் ஒரே புட்டியிலிருந்து ஊற்றியதால். காரம் நீர்த்துப்போயிருந்தால் எண் எப்போதும் கீழே வரும், மேலே போகாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். உங்களுடையது 70-இல் நிற்பதால் உங்கள் காரம் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தாலும் தாலேட்டை வைத்து இரண்டு முறை பார்த்துவிடுங்கள், அரை மணி நேர வேலை.

நிறங்காட்டி நீங்கள் போட்டதுதான் சரி. மூன்று ஹைட்ரஜனும் தீரும் புள்ளியில் pH 9-ஐ ஒட்டி இருக்கும், பினாப்தலீன் மாறுவது 8.3-க்கு மேல். மெத்தில் ஆரஞ்சு போட்டிருந்தால் 4.4-க்குள் நிறம் மாறி முடிந்துவிடும். அந்த இடத்தில் சிட்ரிக் அமிலம் சராசரியாக ஒன்றேகால் ஹைட்ரஜனைத்தான் கொடுத்திருக்கும். பத்து மி.லி. சொச்சத்திலேயே மஞ்சளாகிவிட்டது என்று நிறுத்தியிருப்பீர்கள், சமான நிறை 167 பக்கத்தில் வந்திருக்கும். அந்தத் தவறைக் கண்டுபிடிப்பது சுலபம். நிறம் ஒரு சொட்டில் மாறாது, இரண்டு மூன்று மி.லி. வரை இழுத்துக்கொண்டே போகும். நல்ல முடிவுப்புள்ளி இழுக்காது. பினாப்தலீனின் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்று பிறகு மங்கினால் கவலைப்பட வேண்டாம், அது காற்றின் கார்பன் டைஆக்சைடு செய்கிற வேலை. மங்கியதைப் பார்த்து மறுபடி மறுபடி சொட்டுவிடக் கூடாது.

இனி கடைசிச் சோதனை. சிட்ரிக் மோனோஹைட்ரேட்டா, டிரைமெசிக்கா? படிகத்தைச் சூடாக்கினால் ஒருவர் எடை இழப்பார், மற்றவர் இழக்க மாட்டார். படிக நீர் மொத்த எடையில் 18.02 / 210.14, அதாவது 8.6 சதவீதம். பொடித்த படிகம் 2.000 கிராம் எடுத்தால் 0.171 கிராம் குறைய வேண்டும். மூன்று தசமத் தராசில் இது மலை மாதிரித் தெரியும். டிரைமெசிக் அமிலத்துக்கு இழக்க நீரே இல்லை, அது 300 டிகிரி தாண்டினாலும் உருகாமல் இருக்கும்.

ஆனால் அவசரப்பட்டு அடுப்பை நேராக 110-க்கு வைத்துவிடாதீர்கள். மோனோஹைட்ரேட் 75 டிகிரி பக்கத்திலேயே இளகத் தொடங்கும், வேகமாகச் சூடாக்கினால் 100-இல் தன் நீரிலேயே தான் உருகிப் பாகுபோல ஆகிவிடும். மேலே ஓடு கட்டிக்கொள்ளும், உள்ளே இருக்கும் நீர் வெளியே வராது. அப்படி ஆன கிண்ணத்தை எடை போட்டால் நீர் பாதிதான் போயிருக்கும், நீங்கள் '4 சதவீதம்' என்று எழுதிவிட்டு அரை படிக நீர் என்று புதுக்கதை கட்ட வேண்டி வரும். 50 டிகிரியில் அகலமான கிண்ணத்தில் மெல்லிய படலமாகப் பரப்பி, ஒரு இரவு விட்டுவிடுங்கள். காலையில் படிகங்கள் கண்ணாடித்தன்மை போய் மாவுபோல வெளுத்திருந்தால் நீர் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நீர் போன அந்தப் பொடியையே மறுபடி தரம்பார்த்தால் விஷயம் முழுதாகப் பூட்டப்படும். இந்த முறை 1.60 கிராம் எடுத்து 250 மி.லி. ஆக்குங்கள். 25 மி.லி.யில் 0.160 கிராம். சமான நிறை 64.04 ஆகியிருந்தால் 24.98 மி.லி. காரம் செலவாகும். முன்பு 1.75 கிராமுக்கு ஆனதும் ஏறக்குறைய அதே அளவுதான். நடுவில் காணாமல் போன 0.15 கிராம் அமிலத்துக்குச் சேராத வெறும் நீர். மூன்று 64 சேர்ந்தால் 192, புத்தகத்தில் இருக்கும் எண்.

அறிக்கையில் சமான நிறை 70.1 என்று முதலில் தனியாக எழுதுங்கள், அதைத் தரம்பார்த்தலின் விடையாக மட்டும் சொல்லுங்கள். அதன் கீழே உறைநிலையிலிருந்து கிடைத்த கரடான 207-ஐயும், அதனால் n மூன்று என்பதையும் எழுதுங்கள். மோலார் நிறை 210.4 என்று போடும்போது, ப்யூரெட்டில் 0.1 மி.லி. ஐயம் இருந்தால் சமான நிறையில் 0.3 ஐயம், மூன்றால் பெருக்கும்போது அதுவும் மூன்று மடங்காகி 0.9 ஆகும் என்பதைக் குறிப்பிடுங்கள். பிறகு எடை இழப்பு. வரைபடத்தின் கால், முக்கால் வாசிப்பைத் தோழியின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள், வரைபடத்தைக் காட்டி வாதிட்டவர் அவர்தானே.

கிண்ணத்தை அடுப்பிலிருந்து எடுத்ததும் மேசையில் ஆறவிடாதீர்கள். நீரற்ற சிட்ரிக் பொடி நம் கடற்கரைக் காற்றில் இழந்த நீரைத் திரும்ப வாங்க ஆரம்பித்துவிடும். சிலிக்கா ஜெல் போட்ட உலர்கலத்துக்குள் மூடி ஆறவைத்து, எடுத்த கையோடு நிறுத்து, மறுபடி ஒரு மணி நேரம் அடுப்பில் வைத்து மறுபடி நிறுக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு எடைகளும் ஒரு மில்லிகிராமுக்குள் ஒத்துப்போனால் நிறுத்திக்கொள்ளலாம்.